ஒரே எடை, ஒரே உயரம், வேறு வேறு செலவு: உடற்பயிற்சி அல்லாத அசைவு பற்றிய விளக்கம்

"அவனுக்கு எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பிலை பிடிக்காது." கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒரு கலியாண வீட்டுப் பந்தியில் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. அடுத்த வாயில் காரணமும் வந்துவிடும்: அவனுக்கு மெட்டபோலிசம் கூட, அவளுக்குத் தைரொயிட் குறைவு, அது பரம்பரை உடம்பு. இவற்றில் சில சிலருக்கு உண்மையாக இருக்கலாம். ஆனால் ஒரே எடையும் உயரமும் வயதும் கொண்ட, நோய் எதுவும் இல்லாத இருவரை எடுத்தால், அவர்கள் ஒரு நாளில் செலவழிக்கும் சக்தியில் வரும் வித்தியாசத்தின் பெரும் பங்கு வேறோர் இடத்தில் இருக்கிறது. எவ்வளவு நேரம் இருக்கிறார்கள், நிற்கிறார்கள், அங்குமிங்கும் நடக்கிறார்கள் என்பதில்தான் அது இருக்கிறது.

இதைப் பற்றியும் இப்போது நிறையப் பேர் பேசுகிறார்கள். பேச்சில் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடுகிறது. காலை ஆட்டினால் மெலியலாம், கதிரையை விட்டு நின்றாலே போதும், நடந்தால் வேகமாக நடக்க வேண்டும் என்றெல்லாம் சொல்கிறார்கள். அளந்து பார்த்தால் இந்த மூன்றும் ஒரே தரத்தில் நிற்பதில்லை. எது எவ்வளவு என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

செலவு எங்கெங்கே போகிறது

பக்கத்துப் பக்கத்தில் ஒரே அளவான இரண்டு வீடுகள். இரண்டிலும் ஒரே குளிர்சாதனப் பெட்டி, ஒரே தண்ணீர் மோட்டர். மாத முடிவில் மின் பட்டியல் மட்டும் வேறு. குளிர்சாதனப் பெட்டி இரவும் பகலும் ஓடுகிறது. அது இரு வீட்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். மோட்டரைப் போட்டால் மீற்றர் பறக்கிறது, அதனால் எல்லோர் கண்ணும் அதில்தான். ஆனால் ஒரு குதிரைவலு மோட்டர் அரை மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 0.4 யூனிற்தான். 60 வாற் மின்விசிறி ஒன்று 12 மணி நேரம் சுழன்றால் 0.7 யூனிற். பட்டியலைக் கூட்டுவது பெரும்பாலும் சத்தம் போடும் மோட்டர் அல்ல, நாள் முழுக்க ஆளுக்கு ஆள் போட்டுவிட்டு மறந்துபோகும் விசிறிகளும் விளக்குகளும்தான்.

உடம்பிலும் இதே மாதிரியான பங்குகள் உண்டு. இதயம், மூளை, ஈரல், சிறுநீரகம் ஆகியவை படுத்துக் கிடக்கும்போதும் வேலை செய்யச் செலவாகும் சக்தியை அடிப்படை அனுசேபம் என்கிறோம். அதிகம் ஓடியாடாத ஒருவரின் நாளாந்தச் செலவில் ஏறத்தாழ 60 வீதம் இதற்கே போகிறது. சாப்பிட்டதைச் செரித்து உடம்பில் சேர்க்க ஏறத்தாழ 10 வீதம். மீதி முழுவதும் அசைவு. அந்த அசைவில் விளையாட்டு, ஓட்டம், ஜிம் போன்றவற்றைத் தனியே எடுத்துவிட்டால் மிஞ்சுவதுதான் நமது விடயம்: உடற்பயிற்சி அல்லாத அசைவு வெப்பவாக்கம். பெயர் நீளமாக இருப்பதால் இனி அசைவுச் செலவு என்றே எழுதுகிறோம். வளவு கூட்டுவது, கிணற்றில் அள்ளுவது, கடையில் சாமான் எடுத்துக் கொடுப்பது, வயலில் களை பிடுங்குவது, வகுப்பில் நின்று படிப்பிப்பது, கதிரையில் இருந்தபடி காலை ஆட்டுவது எல்லாம் இதில் அடக்கம்.

பெயரில் வெப்பம் என்று வருவதற்குக் காரணம் உண்டு. தசை சுருங்கும்போது அது எரிக்கும் சக்தியில் கால்பங்கு அளவே வேலையாக மாறுகிறது. மற்றது சூடாக வெளியேறிவிடுகிறது. சக்தியை எரிக்க ஒட்சிசன் வேண்டும், எரிந்தால் காபனீரொட்சைட்டு வரும். அதனால்தான் ஒருவரை மூடிய அறைக்குள் இருத்தி, அவர் எடுக்கும் ஒட்சிசனையும் விடும் காபனீரொட்சைட்டையும் அளந்தால் செலவைக் கணக்கிட முடிகிறது.

இனி வரும் கணக்குகளில் கலோரி என்றால் உணவுப் பொதிகளில் போடப்படும் கிலோகலோரிதான். 60 கிலோ எடையுள்ள ஒரு வளர்ந்தவர் படுத்து ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 கலோரி செலவழிக்கிறார், அதாவது நாளுக்கு 1440. கணக்குப் போடுவதற்கு இது வசதியான எடை.

இருத்தல், நிற்றல், நடத்தல்: அளவீடு சொல்வது

அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த மருத்துவர் ஜேம்ஸ் லெவினும் குழுவினரும் 2000 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் 24 பேரைப் படுக்கவைத்து முதலில் ஓய்வுச் செலவை அளந்தார்கள். பிறகு ஒவ்வொரு நிலையிலும் அது எவ்வளவு கூடுகிறது என்று பார்த்தார்கள்.

அசையாமல் இருந்தால் ஓய்வை விட 4 வீதம்தான் கூடியது. அசையாமல் நின்றால் 13 வீதம். இருந்தபடி கை காலை ஆட்டிக்கொண்டிருந்தால் 54 வீதம். நின்றபடி கை காலை அசைத்தால் 94 வீதம், அதாவது ஓய்வைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. மணிக்கு 1.6 கிலோமீட்டர் வேகத்தில், சந்தையில் கடை கடையாக விலை கேட்டுப் போகும் அளவுக்கு மெதுவாக நடந்தாலே 154 வீதம் கூடியது. 3.2 கிலோமீட்டரில் 202 வீதம். 4.8 கிலோமீட்டரில் 292 வீதம்.

இந்த எண்களில் இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். சும்மா நிற்பதற்கும் நின்று வேலை செய்வதற்கும் இடையில் பெரிய இடைவெளி இருக்கிறது. நடையில் வேகம் மூன்று மடங்கானபோது மேலதிகச் செலவு இரண்டு மடங்கைக்கூட எட்டவில்லை. நடக்கத் தொடங்குவதற்குத்தான் பெரிய விலை. வேகத்துக்கு அதன்மேல் கொஞ்சம்.

ஏன் அப்படி? நேராக நிற்கும்போது உடம்பின் பாரத்தை எலும்பும் மூட்டுகளைக் கட்டியிருக்கும் இணையங்களும் தாங்கிக்கொள்கின்றன. கெண்டைக்கால் தசை விழாமல் பிடிக்க மட்டும் கொஞ்சம் வேலை செய்கிறது. நடை வேறு. ஒவ்வோர் எட்டுக்கும் முழு உடம்பும் சற்று மேலே ஏறி இறங்குகிறது, ஒரு கால் வீசப்பட்டு நிலத்தில் நிறுத்தப்படுகிறது, அடுத்தது தள்ளுகிறது. தொடையும் இடுப்பும் உடம்பின் மிகப் பெரிய தசைகள். அவை இயங்கத் தொடங்கிவிட்டால் வேகம் எப்படி இருந்தாலும் செலவு உண்டு. விரலையோ பாதத்தையோ ஆட்டும்போது சிறு தசைகள்தான் வேலை செய்கின்றன. ஆய்வில் 54 வீதம் வந்ததுகூட, அசைந்துகொண்டே இருங்கள் என்று சொல்லிவைத்து அளந்தபோது வந்தது. வீட்டில் இடைக்கிடை காலை ஆட்டுபவருக்கு அவ்வளவு வராது.

நிற்கும் மேசை வாங்கினால் போதும் என்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. இருப்பதையும் நிற்பதையும் ஒப்பிட்ட 46 ஆய்வுகளைச் சேர்த்து 2018 இல் வெளியிட்டார்கள். வித்தியாசம் நிமிடத்துக்கு 0.15 கலோரி. ஆறு மணி நேரம் இருப்பதற்குப் பதில் நின்றால் 54 கலோரி மிஞ்சும். மூன்று தேக்கரண்டிக்குச் சற்று மேலான சீனி அது. இரண்டு பிளேன்ரீயோடு சரி.

சுருக்கமாக இதுவரை: அசையாத நிலை எதுவானாலும் செலவு குறைவு. எழுந்து ஒரு வேலையைத் தொட்டால் செலவு கூடுகிறது, இடம் பெயர்ந்தால் இன்னும் கூடுகிறது.

பரந்தன் சந்தியில் இரண்டு கடைகள்

இப்போது ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். பரந்தன் சந்தியில் அடுத்தடுத்து இரண்டு கடைகள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு முதலாளிகளுக்கும் 60 கிலோ, ஒரே உயரம், ஒரே வயது. இருவரும் மோட்டார் சைக்கிளில்தான் வருகிறார்கள். இருவரும் உடற்பயிற்சி செய்வதில்லை. காலை எட்டு மணிக்குத் திறந்து இரவு எட்டுக்குப் பூட்டுகிறார்கள்.

முதலாவது போட்டோக்கொப்பிக் கடை. முதலாளியின் கதிரைக்குச் சில்லு இருக்கிறது. கணினி ஒரு பக்கம், கொப்பி மெசின் மறுபக்கம். அடையாள அட்டைப் பிரதி கேட்டு ஆள் வந்தால் காலால் ஓர் உந்து; கதிரை உருண்டு மெசினுக்குப் போகிறது, மூடியைத் திறந்து வைத்து அழுத்தி, மறுபடி ஓர் உந்து. ஒரு நாளில் நூறு பேர் வந்தாலும் எழும்ப வேண்டியதில்லை. இரண்டாவது பலசரக்குக் கடை. அங்கேயும் ஒரு கதிரை இருக்கிறது, அதில் பெரும்பாலும் முட்டைத் தட்டு இருக்கும். பருப்பு முன்னால், மா மூடை பின்னால், மண்ணெண்ணெய் வெளியே. அரைக் கிலோ சீனி கேட்டவர் காசு கொடுக்கும்போது "ஒரு தீப்பெட்டியும்" என்பார். அதற்கு மறுபடி நாலு எட்டு.

விழித்திருக்கும் 16 மணி நேரத்தை இருவருக்கும் பிரிப்போம். போட்டோக்கொப்பிக் கடைக்காரர் 11 மணி நேரம் அசையாமல் இருக்கிறார், 2 மணி நேரம் இருந்தபடி கையால் வேலை செய்கிறார், 2 மணி நேரம் நின்று ஏதாவது செய்கிறார், 1 மணி நேரம் சாதாரணமாக, மணிக்கு 3.2 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கிறார். பலசரக்குக் கடைக்காரர் 5 மணி நேரம் அசையாமல் இருக்கிறார், 3 மணி நேரம் இருந்தபடி கையால் வேலை செய்கிறார், 5 மணி நேரம் நின்று நிறுக்கிறார், கட்டுகிறார், அடுக்குகிறார். 2 மணி நேரம் கடைக்குள் மெதுவாக, மணிக்கு 1.6 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கிறார். 1 மணி நேரம் வெளியே சாதாரண நடை.

மேலே சொன்ன வீதங்களைப் போட்டால், ஓய்வுக்கு மேலே முதலாமவரின் அசைவுச் செலவு 325 கலோரி. இரண்டாமவருக்கு 697. வித்தியாசம் 372. அரிசியில் சொன்னால் ஏறத்தாழ 100 கிராம், அரைச் சுண்டு.

இந்த 372 எங்கிருந்து வந்தது என்பதுதான் முக்கியம். கடைக்குள் நடந்த மெதுநடையில் 185 வந்தது. கூடுதலாக நின்று வேலை செய்த 3 மணி நேரத்தில் 169 வந்தது. கூடுதலாக இருந்தபடி கை அசைத்த 1 மணி நேரத்தில் 32 வந்தது. பலசரக்குக் கடைக்காரர் அசையாமல் இருந்த நேரம் குறைவு என்பதால் அதில் 14 கழிந்தது. மெதுநடையும் நின்று செய்த வேலையும்தான் கிட்டத்தட்ட எல்லாமே.

போட்டோக்கொப்பிக் கடைக்காரர் இதைக் கேள்விப்பட்டு, 5 மணி நேரத்தைக் கதிரையில் கழிக்காமல் மேசைக்குப் பின்னால் சும்மா நின்றே கழிக்கிறார் என்று வையுங்கள். இதே ஆய்வின் எண்களின்படி அவருக்கு மிஞ்சுவது 27 கலோரி, 2018 இன் தொகுப்பு எண்ணின்படி 45. கால் நோவுதான் மிச்சம். அதை விட அவர் கொப்பி மெசினைக் கடையின் மறுகோடிக்கு நகர்த்தினால் பலன் கூட. ஒவ்வொரு பிரதிக்கும் எழும்பி, நாலு எட்டு வைத்து, நின்று, மறுபடி வர வேண்டும்.

இரண்டாமவர் ஏதோ பெரிய உழைப்பாளி என்றும் நினைக்க வேண்டாம். அடிப்படை அனுசேபம், செரிமானம், அசைவு எல்லாவற்றையும் சேர்த்தால் முதலாமவருக்கு நாளுக்கு 1960 கலோரி அளவும் இரண்டாமவருக்கு 2370 அளவும் வருகிறது. மொத்தச் செலவை அடிப்படைச் செலவால் வகுத்தால் கிடைக்கும் எண்ணைச் செயற்பாட்டு மட்டம் என்பார்கள். முதலாமவருக்கு அது 1.36, இரண்டாமவருக்கு 1.65. உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் பயன்படுத்தும் வகைப்படுத்தலில் 1.40 முதல் 1.69 வரை குறைந்த உழைப்பு வாழ்க்கை. விழித்திருக்கும் நேரத்தில் பாதியை நின்றும் நடந்தும் கழிக்கும் பலசரக்குக் கடைக்காரரே அந்த வகைக்குள்தான் வருகிறார்.

உண்மையான ஆட்களில் பார்த்தது

மேலே உள்ளது காகிதக் கணக்கு. உண்மையான ஆட்களில் இந்த அளவு வித்தியாசம் இருக்கிறதா? 2005 இல் லெவின் குழுவினர், உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாத 20 பேரை எடுத்தார்கள். 10 பேர் மெலிந்தவர்கள், 10 பேர் கொஞ்சம் பருத்தவர்கள். உள்ளாடைக்குள் உணரிகளைத் தைத்து, ஒவ்வோர் அரைச் செக்கனுக்கும் அவர்கள் படுத்திருக்கிறார்களா இருக்கிறார்களா நிற்கிறார்களா என்று 10 நாட்கள் பதிந்தார்கள். பருத்தவர்கள் நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாக இருந்தார்கள். அவர்களும் மெலிந்தவர்களைப் போல நேரத்தைக் கழித்திருந்தால் நாளுக்கு ஏறத்தாழ 350 கலோரி கூடுதலாகச் செலவாகியிருக்கும் என்று கணக்கு வந்தது.

பருமன் கூடியதால் இருக்கிறார்களா, இருப்பதால் பருமன் கூடியதா என்று உடனே கேட்கத் தோன்றும். அதையும் பார்த்தார்கள். பருத்தவர்களில் சிலரை 8 கிலோ அளவு குறைக்க வைத்தார்கள், மெலிந்தவர்களில் சிலரை 4 கிலோ அளவு கூட்ட வைத்தார்கள். இருக்கும் நேரம் பெரிதாக மாறவில்லை. அதாவது இருப்பதும் எழும்புவதும் எடையைப் பின்தொடரவில்லை. ஆளோடு ஒட்டிய பழக்கமாகவே நின்றது. ஆட்கள் குறைவு என்பதால் இதை உலகத்துக்கே பொதுவாக்கக் கூடாது. ஆனால் எலிகளிலும் இதே திசையில் சான்று உண்டு. மூளையின் ஐப்போதலமசு என்ற பகுதியில் ஒரெக்சின் என்ற வேதிப்பொருளைச் செலுத்தினால் எலிகள் கூடுதலாக நடமாடுகின்றன. பருக்காத இனத்து எலிகளில் அந்தத் தூண்டல் இன்னும் வலுவாக இருக்கிறது. "அவன் ஒரு இடத்திலை இருக்கமாட்டான்" என்று ஊரில் சொல்வதை வெறும் குணப் பேச்சாகத் தள்ளிவிட முடியாது.

கூடுதலாகச் சாப்பிட்டால் என்ன நடக்கும் என்பதை 1999 இல் பார்த்தார்கள். 16 பேருக்கு எட்டு வாரங்களுக்கு, அவர்களின் தேவைக்கு மேலே நாளுக்கு 1000 கலோரி கொடுத்தார்கள். உடற்பயிற்சி கூடாமல் பார்த்துக்கொண்டார்கள். எல்லோரும் ஒரே அளவு கூடுதலாகச் சாப்பிட்டும், ஒருவருக்கு உடம்பில் சேர்ந்த கொழுப்பு 0.36 கிலோ, இன்னொருவருக்கு 4.23 கிலோ. அசைவுச் செலவு சராசரியாக நாளுக்கு 336 கலோரி கூடியது. ஆனால் ஒருவருக்கு அது 692 கூடியது, ஒருவருக்கு 98 குறைந்தே போனது. அசைவு அதிகம் கூடியவர்களில் கொழுப்புக் குறைவாகச் சேர்ந்தது. அவர்கள் யாரும் ஓடப் போகவில்லை. 692 என்பது விழித்திருக்கும் ஒவ்வொரு மணியிலும் 15 நிமிடம் உலாவுவதற்குச் சமம் என்று அந்த ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

பந்தியில் சொல்லும் "உடம்பிலை பிடிக்காது" என்பதன் ஒரு பகுதி இதுதான். அந்த ஆள் நிறையச் சாப்பிட்ட நாளில் தன்னை அறியாமலே கூடுதலாக எழும்பி நடமாடுகிறார்.

2000 கலோரி என்ற எண்

ஒரே அளவான இருவரின் அசைவுச் செலவு நாளுக்கு 2000 கலோரி வரை வேறுபடலாம் என்ற எண் எல்லா இடமும் ஓடித் திரிகிறது. எண் பொய்யல்ல, ஆனால் அதை எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்வதில்லை. அது ஒரே கந்தோரில் வேலை செய்யும் இருவருக்கு இடையிலான வித்தியாசம் அல்ல. நாள் முழுக்கக் கதிரையில் இருப்பவரையும் நாள் முழுக்க உடலால் உழைப்பவரையும் இரு எல்லையில் வைத்த கணக்கு. செயற்பாட்டு மட்டம் 1.4 இலிருந்து 2.4 வரை போனால், மொத்தச் செலவில் வரும் வித்தியாசம் ஏறத்தாழ ஒரு முழு அடிப்படைச் செலவு. பெரிய உடம்பில் அடிப்படைச் செலவே 2000 அளவு இருக்கும். 60 கிலோக்காரருக்கு அது 1440. ஆகவே வன்னியில் பெரும்பாலானவர்களின் உடல் அளவுக்கு, உச்ச வித்தியாசம் 1400 ஐச் சுற்றித்தான்.

அந்த உச்சமும் இங்கே முன்போல் இல்லை. அரிவாளால் அருவி வெட்டி, சூடு வைத்து, அடித்து, தூற்றிய காலத்தில் அறுவடை என்றால் ஒரு குடும்பத்துக்கே வாரக்கணக்கில் நின்று, குனிந்து, சுமந்து நடக்கும் வேலை. இப்போது வெட்டும் மெசின் வயலுக்குள் இறங்கி ஒரே ஓட்டத்தில் நெல்லைக் கொட்டிவிடுகிறது. வயல்காரர் வரம்பில் நின்று சாக்கை எண்ணுகிறார். யாரும் பழைய அறுவடையைத் திரும்பக் கேட்கப் போவதில்லை, முதுகு அறிந்தவர்கள் நிச்சயமாகக் கேட்க மாட்டார்கள். ஆனால் கமக்காரர் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு மிக வேறுபட்ட அசைவுச் செலவுகள் இருக்கின்றன என்பதை எண் பார்ப்பவர் மறக்கக் கூடாது. அதே ஆளுக்கும் காலபோக விதைப்பு நேரத்தில் ஒரு கணக்கு, தண்ணீர் இல்லாத மாதங்களில் இன்னொன்று.

சைக்கிளும் இப்படித்தான். வீட்டிலிருந்து 4 கிலோமீட்டர் தூரத்துச் சந்திக்கு மணிக்கு 12 கிலோமீட்டரில் மிதித்தால் போக 20 நிமிடம், வர 20 நிமிடம். மெதுவாக மிதிப்பது ஓய்வின் நான்கு மடங்கு அளவு. 60 கிலோக்காரருக்கு ஓய்வுக்கு மேலே 120 கலோரி. மோட்டார் சைக்கிள் வந்ததும் அதில் பெரும்பகுதி போய்விடுகிறது. ஆனால் அவரைக் கேட்டால், "முன்னை மாதிரித்தான் சாப்பிடுறன்" என்பார். அது உண்மையும்தான்.

எங்கே பிழைக்கிறது

காலையில் ஒரு மணி நேரம் ஓடிவிட்டு மற்ற நேரமெல்லாம் சாய்ந்திருப்பவர்கள் உண்டு. ஓட்டத்தில் செலவானதில் ஒரு பங்கை அவர்கள் பகலில் அசைவைக் குறைத்து ஈடுகட்டிவிடுகிறார்கள். எல்லோருக்கும் இது நடப்பதில்லை, நடப்பவர்களுக்குத் தெரிவதுமில்லை. தெரிந்துகொள்ளும் வழி, ஓடிய நாளையும் ஓடாத நாளையும் பக்கத்தில் வைத்து மத்தியானத்துக்குப் பின் இருந்த நேரத்தைப் பார்ப்பதுதான்.

சாப்பாட்டைக் கடுமையாகக் குறைப்பவர்களிலும் இதே நடக்கிறது, இன்னும் வலுவாக. 1944, 1945 ஆம் ஆண்டுகளில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் 36 இளைஞர்களை அரைப் பட்டினியில் வைத்து ஆராய்ந்தபோது, எடையில் ஏறத்தாழ கால்பங்கை இழந்த அவர்கள், தேவையில்லாத ஒவ்வோர் அசைவையும் கைவிட்டிருந்தார்கள். படி ஏறுவதே பெரிய காரியமாகிவிட்டது. முதல் வாரங்களில் குறைந்த எடை பிறகு குறையாமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்: உடம்பு சிறுத்ததால் அடிப்படைச் செலவு குறைகிறது, அதன்மேல் ஆளும் அசைவைக் குறைத்துவிடுகிறார்.

அளக்கும் கருவியும் ஏமாற்றும். போனை மேசையில் வைத்துவிட்டுக் கடைக்குள் இரண்டு மணி நேரம் நடப்பவருக்கு எட்டுக் கணக்கு பூச்சியம். நின்று மா குழைப்பதும் சைக்கிள் மிதிப்பதும் எட்டாகப் பதிவாவதில்லை. மறுபக்கம், கையில் கட்டும் கருவி கையை வீசிப் பேசுபவருக்கு எட்டுகளை வாரி வழங்கும்.

உங்கள் கணக்கை நீங்களே போட

ஒரு கொப்பித் தாளில், விழித்திருக்கும் 16 மணி நேரத்துக்கு 32 அரை மணிக் கட்டங்கள் கீறுங்கள். ஒவ்வோர் அரை மணி முடிவிலும், அந்த நேரத்தில் பெரும்பாலும் எந்த நிலையில் இருந்தீர்கள் என்று ஓர் எழுத்து மட்டும் எழுதுங்கள்: அசையாமல் இருந்தேன், இருந்தபடி கை வேலை, நின்று வேலை, மெதுநடை, சாதாரண நடை. இரவில் நினைவிலிருந்து எழுதினால் பிழைக்கும். நடந்தது நினைவில் நிற்கும், இருந்தது நிற்காது. ஒரு வேலை நாளும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் எழுதினால்தான் உருப்படியாக ஒப்பிடலாம்.

பிறகு ஒவ்வொரு நிலையிலும் கழிந்த நிமிடங்களை முறையே 0.04, 0.54, 0.94, 1.54, 2.02 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். 60 கிலோக்காரருக்கு அதுவே ஓய்வுக்கு மேலான கலோரி. வேறு எடையானால் உங்கள் எடையை 60 ஆல் வகுத்து வரும் எண்ணால் பெருக்குங்கள். வயது கூடியவர்களுக்கும் உடம்பில் கொழுப்புப் பங்கு கூடியவர்களுக்கும் இது கொஞ்சம் அதிகமாகக் காட்டும். மண்வெட்டி வேலை, மூடை தூக்குவது, ஏற்றத்தில் சைக்கிள் மிதிப்பது போன்றவை நின்று வேலை என்ற கட்டத்துக்குள் அடங்காது. அவற்றுக்கு இது மிகக் குறைவாகக் காட்டும். ஆகவே வரும் மொத்த எண்ணைப் பெரிதாக நம்ப வேண்டாம். ஒரே ஆளின் இரண்டு நாட்களை, அல்லது ஒரே எடையுள்ள இருவரின் ஒரு நாளை ஒப்பிட இது போதும். தாளில் முதலில் பார்க்க வேண்டியது, "அசையாமல் இருந்தேன்" என்ற எழுத்து இடைவெளியில்லாமல் ஆறு, ஏழு கட்டங்களுக்குத் தொடர்ந்து ஓடும் இடங்களை. அந்தக் கட்டங்களில் ஒன்றை மெதுநடையாக மாற்றினால் 60 கிலோக்காரருக்கு 45 கலோரி கூடும். அதையே சும்மா நிற்பதாக மாற்றினால் ஐந்து கூடத் தேறாது.